7,400 ரூபாய் கேட்டு எழுதிய கடிதம்

பாலக்கோடு வட்டத்தில், தக்காளியும் கரும்பும் விளையும் ஒரு சிற்றூரில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் வாலிபால் சொல்லிக்கொடுக்கும் சிறு குழு ஒன்றை நாங்கள் பதினொரு பேர் நடத்தி வருகிறோம். பதிவு செய்த சங்கமோ வங்கிக் கணக்கோ எங்களுக்குக் கிடையாது. ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு திடலும், பழைய மின்கம்பத்தை அறுத்து நட்ட இரண்டு தூண்களும்தான் எங்கள் சொத்து. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமையில், சுற்றுவட்டாரத்திலிருந்து 12 அணிகளை அழைத்து ஒருநாள் போட்டி நடத்துகிறோம். அந்தப் போட்டிக்கு உள்ளூர்க் கடைகளிடம் விளம்பர ஆதரவு கேட்டு நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முதல் கடிதம் எங்கும் எடுபடவில்லை. அடுத்த ஆண்டு எழுதியது எடுபட்டது.

முதல் கடிதத்தை எழுதியவன் நான்தான். பெரிய நகரங்களில் நடக்கும் போட்டிகளின் மாதிரிக் கடிதம் ஒன்றைப் பார்த்து, 'பிளாட்டினம் 20,000, தங்கம் 10,000, வெள்ளி 5,000' என்று மூன்று படிகள் போட்டு, மொத்தம் 40,000 ரூபாய் தேவைப்படுவதாகவும், ஆயிரக்கணக்கானோர் கண்டுகளிக்கும் விழா என்றும் எழுதினேன். அதை 25 பிரதிகள் நகலெடுத்து, பாலக்கோட்டில் கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு நாட்கள் நடந்து கொடுத்தோம். பெரும்பாலான கடைகளில் முதலாளி கடிதத்தைப் பிரிக்காமலேயே கல்லாவைத் திறந்து 101 ரூபாயோ 201 ரூபாயோ எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். இரண்டு நாள் அலைச்சலில் சேர்ந்தது 1,750 ரூபாய். அந்த ஆண்டு பதக்கங்களை விட்டுவிட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுத்துப் போட்டியை முடித்தோம்.

அந்தக் கடைக்காரர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் பிறகு யோசித்துப் பார்த்தபோது அவர்கள் செய்ததில் ஒரு கணக்கு இருந்தது புரிந்தது. ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு கூட்டம், விநாயகர் சதுர்த்திக்குத் தெருவுக்கு ஒரு கூட்டம், பொங்கலுக்கு இளைஞர் மன்றங்கள் என்று ஆண்டு முழுவதும் அவர்கள் கடை வாசலில் வசூல் நோட்டுகள் வந்து நிற்கின்றன. வருகிறவர்களை மனம் கோணாமல் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்கென்றே ஏற்பட்ட தொகைதான் அந்த 101. எங்கள் கடிதம் விளம்பரம் என்று பேசினாலும், நாங்கள் நால்வராகச் சென்று நின்ற விதமும் கையிலிருந்த நகல் கட்டும் வசூல் நோட்டைத்தான் நினைவூட்டின. ஆகவே வசூல் நோட்டுக்கு உரிய தொகையே கிடைத்தது.

இந்த யோசனையில் இருந்தபோது எங்கள் ஊர்க் கோயிலின் குழல்விளக்கைப் பார்த்தேன். 'உபயம்' என்று தொடங்கிக் கொடுத்தவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் என்று எழுதி, வெளிச்சம் வருவதற்கு ஒரு சாண் இடம்தான் மிச்சம் விட்டிருந்தார்கள். இதைக் கேலி செய்யாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் கொடுத்தவருக்குத் தம் பணம் என்னவாயிற்று என்பதில் ஓர் ஐயமும் இல்லை; அது அங்கே எரிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் கேட்ட 40,000 ரூபாயில் ஒருவர் 5,000 கொடுத்திருந்தால் அது பந்தாக மாறுமா, மதியச் சோறாக மாறுமா, மைக் செட் வாடகையாக மாறுமா என்று எங்களுக்கே தெரியாது. அடுத்த கடிதத்தில் மொத்தச் செலவில் பங்கு கேட்கக் கூடாது, பெயர் சொல்லிக் காட்டக்கூடிய சில பொருள்களின் விலையை மட்டும் கேட்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

அடுத்து, யாரிடம் கேட்பது என்ற கேள்வி. சென்ற முறை 'யாரெல்லாம் கொடுப்பார்கள்' என்று பார்த்தோம். இந்த முறை எங்கள் திடலைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கினோம். ஆடுவது பிள்ளைகள் என்றாலும் வேடிக்கை பார்க்க வருவது அப்பாக்களும் சித்தப்பாக்களும்தான். அவர்களில் பெரும்பாலானோர் ஓர் ஏக்கர் முதல் மூன்று ஏக்கர் வரை நிலம் வைத்துக்கொண்டு கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி விவசாயம் செய்பவர்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பேரை ஒரே நாளில், ஒரே இடத்தில், அதுவும் ஓய்வான மனநிலையில் சந்திக்க யார் ஆசைப்படுவார்கள் என்று கேட்டுக்கொண்டதும் நகைக்கடையும் செல்போன் கடையும் பட்டியலிலிருந்து தாமாகவே விழுந்துவிட்டன. மிஞ்சியவை உரக்கடை, டிராக்டர் உதிரிபாகக் கடை, சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை ஆகிய மூன்று. உரக்கடைகளில் பெரும்பகுதி வியாபாரம் கடனில் நடப்பதால், அறுவடைப் பணம் வருவதற்கு முன்பு அவர்கள் கையில் ரொக்கம் இருக்காது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். குழாய்க் கடையை முதலில் அணுகுவது, அவர் மறுத்தால் மட்டுமே அடுத்த கடை என்று தீர்மானித்தோம். கடிதம் ஒன்றே ஒன்றுதான் எழுதினோம், அவர் பெயருக்கு.

தொகையை முடிவு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. போட்டிக்கான மொத்தச் செலவு 28,400 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தோம். அணிக்கு 500 வீதம் நுழைவுக் கட்டணம் 6,000, உறுப்பினர் பதினொருவரும் ஆளுக்கு 1,000 போட்டால் 11,000, மதியச் சோற்றுக்கு ஊரார் ஒருவர் தருவதாகச் சொன்ன 4,000 எல்லாம் போகத் துண்டு விழுந்தது 7,400. அதை அப்படியே கேட்காமல், அதே அளவுக்கு வரும் பொருள்களைச் செலவுப் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்தோம்: வலை ஒன்று 1,900, பந்து மூன்று 3,600, பெயர் எழுதிய ஸ்கோர் பலகை 1,100, எல்லைக்கோட்டுக்கான கயிறும் சுண்ணாம்புத் தூளும் 400, நிகழ்ச்சி நிரல் அச்சடிக்க 400. விலைகளைத் தருமபுரியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் விலைப்புள்ளியாக எழுதி வாங்கிக்கொண்டோம். எங்கள் பங்காக 17,000 ரூபாய் ஏற்கெனவே இருப்பதைக் கடிதத்தில் காட்ட முடிந்தது பெரிய அனுகூலமாயிற்று. தாங்கள் கைவைக்காத காரியத்துக்கு வேறொருவரிடம் பணம் கேட்கிறார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஆயிரக்கணக்கானோர்' என்பது பொய் என்று எனக்கே தெரியும். நல்லவேளையாக முந்தைய ஆண்டு இருசக்கர வாகனங்களை ஒழுங்காக நிறுத்துவதற்காக டோக்கன் கிழித்துக் கொடுத்திருந்தோம். அந்த அடிக்கட்டையைத் தேடி எடுத்து எண்ணியபோது 138 இருந்தது. வண்டிக்குச் சராசரியாக இருவர் என்றும் உள்ளூரிலிருந்து நடந்து வந்தவர்களையும் சேர்த்தும் பார்த்தால் ஏறத்தாழ 350 பேர். எண்ணைக் குறைத்துச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று எங்களில் சிலர் தயங்கினர். ஆனாலும் 350 என்றே எழுதி, அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்தோம்.

கடிதம் ஒரே பக்கத்தில் இப்படி அமைந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் பள்ளி மாணவ மாணவியர் 34 பேருக்குக் கட்டணமின்றி வாலிபால் பயிற்சி அளித்து வரும் குழு நாங்கள். வரும் ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை எங்கள் ஊர்த் திடலில் 12 அணிகள் பங்கேற்கும் போட்டி நடைபெறுகிறது. சென்ற ஆண்டு வாகன டோக்கன் கணக்குப்படி சுமார் 350 பேர் வந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள ஊர்களின் சிறு விவசாயிகள். போட்டியின் செலவு 28,400 ரூபாயில் எங்கள் பங்கும் நுழைவுக் கட்டணமும் சேர்த்து 17,000 ரூபாய் தயாராக உள்ளது. இணைப்பில் கண்ட வலை, பந்துகள், ஸ்கோர் பலகை முதலியவற்றுக்கான 7,400 ரூபாயைத் தங்கள் கடையின் விளம்பரச் செலவாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இதற்கு ஈடாக நாங்கள் செய்து தருவது: ஸ்கோர் பலகையின் மேற்பகுதியில் தங்கள் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், அச்சிடும் 300 நிகழ்ச்சி நிரல்களின் பின்பக்கம் முழுவதும் தங்கள் விளம்பரம், ஒலிபெருக்கியில் ஆறு முறை அறிவிப்பு, திடலின் நுழைவாயிலருகே ஒரு மேசையும் நிழலும். வேறு குழாய்க் கடை எதனிடமும் இந்த ஆண்டு ஆதரவு பெற மாட்டோம். எங்கள் குழு பதிவு செய்யப்படாதது என்பதால் வரிவிலக்குக்கான நன்கொடை ரசீது தர இயலாது. பொருள்களுக்கான பில்லைத் தங்கள் கடையின் பெயரிலேயே பெற்றுத் தருகிறோம். போட்டி முடிந்த பத்து நாட்களுக்குள் படங்களுடன் ஓர் அறிக்கை தருவோம். தங்கள் முடிவை டிசம்பர் 31-க்குள் தெரிவித்தால் பொருள்கள் வாங்க வசதியாக இருக்கும்."

வரிவிலக்கு பற்றிய வாக்கியத்தை எழுதுமாறு சொன்னவர் எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு கணக்கர். 80ஜி என்று பலரும் சொல்லும் நன்கொடைக் கழிவு அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே உண்டு. எங்களைப் போன்றவர்கள் வெறும் ரசீது கொடுத்து அந்த எண்ணத்தை உண்டாக்கினால் பின்னர் கடைக்காரருக்குத்தான் சிக்கல். அதே பணம் கடையின் பெயரை மக்களிடம் கொண்டுபோகும் விளம்பரச் செலவாக, முறையான பில்லோடு இருந்தால் அவர் அதைத் தொழில் செலவில் காட்டலாம். அதிலும் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. எங்கள் தொகை அதற்குக் கீழே இருந்ததோடு, பணம் எங்கள் கைக்கு வராமல் நேரே பொருள் விற்கும் கடைக்குப் போவதாலும் அந்தப் பேச்சே எழவில்லை. வங்கிக் கணக்கில்லாத குழுவுக்கு, தனி ஒருவரின் செல்போனுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் சங்கடமும் இதனால் தீர்ந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில், பொங்கல் வசூல்காரர்கள் கிளம்புவதற்கு முன்பு, சந்தை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மதியம் மூன்று மணிக்கு இரண்டே பேர் சென்றோம். முதல் நாளே கடைப் பையனிடம் முதலாளி எப்போது ஓய்வாக இருப்பார் என்று கேட்டு வைத்திருந்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இறுதிவரை படித்தார். பிறகு விரலை 350 என்ற எண்ணின் மேல் வைத்து, "இது எப்படிங்க தம்பி கணக்குப் பண்ணீங்க?" என்று கேட்டார். பையிலிருந்த டோக்கன் அடிக்கட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஆயிரம் பேர்னு எழுதாத கடுதாசி இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியவைதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன. பலகையில் பெயர் வருவதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "என் கடை பேரு எல்லாருக்கும் தெரியும்ங்க. மானியத்துக்கு என்ன காகிதம் வேணும்னுதான் யாருக்கும் தெரியல" என்றார். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் சிறு விவசாயி சான்றிதழ், சிட்டா, அடங்கல், நில வரைபடம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அலைந்து, பாதியிலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மேசையில் தாம் உட்கார்ந்து இதை விளக்கவும், மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ஒலிபெருக்கியில் பேசவும் இடம் கொடுத்தால் போதும், ஆறு அறிவிப்பு நான்காகக் குறைந்தாலும் பரவாயில்லை என்றார். எழுதிப் போன நான்கு பலன்களில், நாங்கள் கடைசியாக ஒட்டவைத்த மேசைதான் அவருக்கு வேண்டியதாக இருந்தது. அவருடைய கடையில் போய்க் கால்மணி நேரம் முன்கூட்டியே பேசியிருந்தால் கடிதம் அதிலிருந்தே தொடங்கியிருக்கும்.

அவர் கேட்டவற்றில் இரண்டை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அணிகளின் பதிவுப் படிவத்திலிருக்கும் பெற்றோரின் தொலைபேசி எண்களைக் கேட்டார். அவை பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வாங்கப்பட்டவை என்பதால் தர முடியாது, மேசையில் ஒரு நோட்டு வைப்போம், விருப்பமுள்ளவர்கள் தாங்களே எழுதட்டும் என்றோம். மற்றொன்று, நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது அடி பேனர். பொது இடத்தில் பேனர் வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கும் வேலையை ஏற்க எங்களுக்கு ஆளில்லை என்பதால் திடலுக்குள் துணிப் பதாகை மட்டும் கட்டுவதாகச் சொன்னோம். இரண்டுக்கும் அவர் வற்புறுத்தவில்லை. பேசி முடித்த அன்று இரவே, ஒப்புக்கொண்டவற்றையும் ஒப்புக்கொள்ளாதவற்றையும் நான்கு வரியில் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது.

போட்டியன்று இரண்டு தவறுகள் நடந்தன, இரண்டுமே எங்களுடையவை. ஸ்கோர் பலகை எழுதிய பெயிண்டருக்குக் கடையின் பழைய பில் ஒன்றைக் கொடுத்து 'இதைப் பார்த்து எழுதுங்கள்' என்று சொல்லியிருந்தோம். அதிலிருந்தது கடைக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எண். காலை எட்டு மணிக்குப் பலகையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியதை மறக்க முடியாது. அவசரமாக ஒரு வெள்ளைத் தாளில் புதிய எண்ணை எழுதி, அகல செல்லோடேப்பால் மேலே ஒட்டினோம். பலகையில் வர வேண்டிய வாசகத்தை அவரே தம் கையால் எழுதித் தரும்படி முன்பே கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. இரண்டாவது தவறு, ஒலிபெருக்கியில் பேசியவர் ஆட்டத்தின் விறுவிறுப்பில் அறிவிப்பை மறந்துவிட்டது. நான்கு முறை என்று ஒப்புக்கொண்டது இரண்டு முறைதான் நடந்தது.

ஆனால் மேசை நன்றாக நடந்தது. ஒரு 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாய்த் துண்டையும், உப்புப் படிந்து அடைத்துப்போன ஒரு ஃபில்டரையும் வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று அவர் காட்டிக்கொண்டிருந்தார். இடைவேளையில் அங்கே நின்ற கூட்டம் தேநீர்க் கடையில் நின்றதைவிட அதிகம். மாலையில் நோட்டில் 41 பெயர்கள் இருந்தன.

எட்டாம் நாள் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு பக்கம் எழுத்து, மூன்று படங்கள், பில் நகல், அவ்வளவுதான். அந்த ஆண்டு வாகன டோக்கன் 151 என்பதை எழுதினோம். அறிவிப்பு இரண்டு முறைதான் நடந்தது என்பதையும், தொலைபேசி எண் தவறியதையும் மறைக்காமல் எழுதினோம். பந்துகள் கேட்ட விலையிலிருந்து 150 ரூபாய் குறைத்துக் கிடைத்திருந்ததால், அவருக்கு ஆன செலவு 7,250 மட்டுமே என்பதும் அதில் இருந்தது. குறைந்துபோன இரண்டு அறிவிப்புகளை அவர் அந்த நான்கு வரியைக் காட்டிக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது வேறு: "அடுத்த வருசம் மேசையை நிழல் விழுற பக்கமாப் போடுங்க, மத்தியானத்துல தலை சுடுது."

நோட்டில் எழுதிய 41 பேரில் எத்தனை பேர் உண்மையில் அவரிடம் குழாய் வாங்கினார்கள் என்று ஏப்ரலில் ஒருமுறை கேட்டேன். ஆறு பேருடைய மானிய விண்ணப்பங்கள் அவர் கடை மூலம் போயிருப்பதாகச் சொன்னார். அந்த எண்ணை அடுத்த கடிதத்தின் முதல் பத்தியில் எழுதிக்கொள்ள அனுமதியும் வாங்கிக்கொண்டேன். தொகையை உயர்த்தவில்லை. வலையும் பலகையும் இருப்பதால் இந்த முறை கேட்கப்போவது பந்துகளுக்கும் நிழற்பந்தலுக்கும் சேர்த்து 5,800 மட்டும்.

ஸ்கோர் பலகையைத் திடலோரத்து வேப்பமரத்தில் மாட்டி வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் அந்தத் தாள் நனைந்து உரிந்து, பழைய எண் மறுபடி வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. அந்த எண் இப்போது அரூர்ப் பக்கத்தில் யாரோ ஓர் அம்மாவிடம் இருக்கிறதாம். குழாய் என்ன விலை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை பெயிண்டரை வரச்சொல்லியிருக்கிறேன். எண்ணைக் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.